இசிஜிக்கு அடுத்த பெட்டியில் என்ன எழுதுவது? கேத் லேப் இல்லாத மருத்துவமனைக்கு மூன்று வாசகங்கள்

நெஞ்சு வலிக்கான வழிமுறைப் படம் எழுத உட்கார்ந்தால் முதல் பெட்டியில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. "நெஞ்சு வலி, நெஞ்சில் அழுத்தம், காரணம் தெரியாத மூச்சிரைப்பு, வியர்வையோடு மேல்வயிற்று வலி: பதிவுச் சீட்டு பிறகு, இசிஜி முதலில். வந்த 10 நிமிடத்துக்குள் எடுத்து, டாக்டர் கையில் கொடுக்கவும்." இதை எழுத அரை மணி நேரம் போதும்.

விவாதம் அடுத்த பெட்டியில்தான் தொடங்குகிறது. தாளில் எஸ்டி ஏற்றம் தெளிவாக இருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுதாக அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்த குழாயை ஆஞ்சியோபிளாஸ்டி செய்து திறக்கும் கேத் லேப் நம்மிடம் கிடையாது, இதய மருத்துவர் கிடையாது. இரவுப் பணியில் ஒரு பொது மருத்துவர், இரண்டு நர்ஸ்கள், ஒரு உதவியாளர். இந்த நான்கு பேரும் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பெட்டி இரண்டு மூன்று வரிகளில் சொல்லியாக வேண்டும்.

இங்கே மூன்று வாசகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றையும் நான் வெவ்வேறு சமயங்களில் எழுதியிருக்கிறேன், மூன்றோடும் இரவுப் பணி பார்த்திருக்கிறேன்.

ஒன்று: "எஸ்டி ஏற்றம் இருந்தால் இதய நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் ஆலோசனைப்படி செயல்படவும்."

இரண்டு: "120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்குமா? கிடைக்கும் என்றால் உடனே அனுப்பவும். கிடைக்காது என்றால் ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடவும்."

மூன்று: "தடை எதுவும் இல்லையென்றால் 10 நிமிடத்துக்குள் ஊசி. ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸ்."

எஸ்டி ஏற்றம் இல்லாதவர்களுக்கான கிளை வேறு. அங்கே 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இசிஜியைத் திரும்ப எடுப்பதும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனினை மணிக்கணக்கு வைத்து இருமுறை பார்ப்பதும், வயது, நோய் வரலாறு ஆகியவற்றை வைத்து ஆபத்தைக் கணக்கிடுவதும் வரும். அதில் யோசிக்க நேரம் இருக்கிறது. இந்தக் கிளையில் இல்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எஸ்டி ஏற்றம் தெரிந்த பிறகு ட்ரோபோனினுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். குழாய் அடைத்த முதல் மணி நேரத்தில் அந்தப் பரிசோதனை நார்மலாகவே வரலாம். அதை நம்பி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபோனை நம்பும் வாசகம்

முதல் வாசகம் மேலோட்டமாகப் பார்த்தால் மிகவும் பொறுப்பானது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேள் என்கிறது. நிர்வாகத்துக்கும் பிடிக்கும், பயந்த புது டாக்டருக்கும் பிடிக்கும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் சுவரில் இதுதான் ஒட்டியிருந்தது.

ஒரு இரவு 52 வயதுக்காரர் ஒருவர், கீழ்ப்பக்க இதயத் தசையில் மாரடைப்பு. இசிஜி வந்த மூன்றாவது நிமிடத்தில் நான் ஃபோனை எடுத்துவிட்டேன். முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவது எண்ணில் பேசியவர் வேறொரு நோயாளியோடு கேத் லேப் உள்ளே இருந்தார், பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்றார். இசிஜியைப் படம் எடுத்து அனுப்பினேன். மடிப்பு விழுந்த தாள், மங்கலான விளக்கு. "தெளிவா இல்ல, இன்னொரு தடவை அனுப்புங்க" என்று பதில் வந்தது. கடைசியில் "லைசிஸ் பண்ணிட்டு அனுப்புங்க" என்ற வார்த்தை வந்தபோது இசிஜி எடுத்து 48 நிமிடம் ஆகியிருந்தது. லைசிஸ் என்று அவர் சொன்ன கட்டி கரைக்கும் ஊசி மருந்து அந்த 48 நிமிடமும் நான் நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் குளிர்பெட்டிக்கு மேலே இருந்தது. அவர் பிழைத்தார். ஆனால் அன்று நிபுணர் சொன்னதில் எனக்குத் தெரியாத ஒன்றுகூட இல்லை. அனுமதிக்காக மட்டுமே காத்திருந்தேன்.

அந்த 48 நிமிடத்தின் விலை என்ன? கட்டி கரைக்கும் மருந்துகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் 1000 பேருக்கு 65 உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டன. இரண்டாவது மணி நேரத்தில் போட்டால் 37. புதிதாக உருவான கட்டி இளகியது, மருந்து எளிதில் உள்ளே போகும். மூன்று மணி நேரம் கடந்தால் கட்டி இறுகிவிடும், மருந்தின் வேகமும் குறையும். முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது, அதன் பிறகு சரிவு மெதுவாகிறது.

இந்த வாசகத்தின் குறை நிபுணரிடம் இல்லை. படத்தில் ஒரு பெட்டியிலிருந்து வெளியே போகும் அம்பு, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் என்ன என்பதற்கு அம்பு இல்லை. எங்கள் மூத்த சிஸ்டர் இதைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் எடுக்கலேன்னா நான் எந்தப் பக்கம் போறது? அதுக்குக் கோடே போடலியே?"

120 நிமிடத்தைக் கேட்கும் வாசகம்

புத்தகத்துக்கு மிக நெருக்கமானது இரண்டாவது வாசகம்தான். ஐரோப்பிய வழிகாட்டுதலும் அமெரிக்க வழிகாட்டுதலும் இதே 120 நிமிடத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்கு வலுவான அடிப்படையும் உண்டு. டென்மார்க்கில் நடந்த டனாமி-2 என்ற ஆய்வு 2003-இல் வெளியானது. ஆஞ்சியோபிளாஸ்டி வசதி இல்லாத மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அங்கேயே ஊசி போட்டார்கள், இன்னொரு பகுதியினரை ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பினார்கள். 30 நாளில் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஊசிக் குழுவில் 14.2 சதவீதம், அனுப்பிய குழுவில் 8.5 சதவீதம். அனுப்புவது நல்லது என்பதை அது நிலைநாட்டியது. ஆனால் அதே ஆய்வில் அனுப்பப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த முடிவு அந்த வேகத்துக்குச் சொந்தமானது.

இந்த வாசகத்தில் சிக்கல் "கிடைக்குமா?" என்ற கேள்விக்குறியில் இருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் கேள்வியை யார் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எங்கள் டாக்டர்கள் ஆறு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன்: "இங்கிருந்து கேத் லேபுக்கு எவ்வளவு நேரம்?" ஐந்து பேர் ஒரு மணி நேரம், ஒரு மணி பத்து நிமிடம் என்றார்கள். ஒருவர் மட்டும் "எங்கேர்ந்து எதுவரைக்கும் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவர் ஒருவர்தான் சரியாகக் கேட்டார். மற்ற ஐவரும் சொன்னது வண்டி ஓடும் நேரம். 120 நிமிடக் கடிகாரம் வண்டி கிளம்பும்போது தொடங்குவதில்லை, அங்கே வாசலை அடைந்ததும் நிற்பதும் இல்லை. இசிஜியில் எஸ்டி ஏற்றம் என்று கண்டுகொண்ட கணத்தில் தொடங்கி, அடைத்த குழாயின் கட்டியை ஆஞ்சியோபிளாஸ்டி வயர் கடக்கும் கணத்தில்தான் நிற்கிறது. நடுவே நான்கு துண்டுகள்: ஆம்புலன்ஸ் வாசலுக்கு வர ஆகும் நேரம், ஆளை ஏற்றி, கடிதம் எழுதி, வீட்டாரிடம் சொல்லிக் கிளம்பும் நேரம், சாலை, பிறகு அந்த மருத்துவமனை வாசலிலிருந்து வயர் வரை.

கடைசித் துண்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது நம் கண்ணில் படுவதில்லை. இரவில் கேத் லேப் குழு வீட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லாமல் போனால் அங்கே அவசரப் பிரிவில் இன்னொரு இசிஜி, இன்னொரு பதிவு, இன்னொரு காத்திருப்பு.

ஆகவே இந்த வாசகத்தை எடுத்துக்கொள்வதானால் கேள்வியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, விடையை எழுதுங்கள். அதற்குக் கடந்த 20 ரெஃபரல் நோயாளிகளின் தாள்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் இசிஜி நேரத்திலிருந்து வயர் நேரம் வரை எத்தனை நிமிடம் என்று கணக்கிட வேண்டும். வயர் நேரம் நம்மிடம் இருக்காது; அந்த மருத்துவமனையின் கேத் லேபில் கேட்டால் கொடுப்பார்கள், அவர்கள் பதிவேட்டில் அது கண்டிப்பாக இருக்கும். பிறகு 20 எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, 15-ஆவது எண்ணை எடுங்கள். சராசரியை எடுக்காதீர்கள். சராசரிக்கு மேலே ஏறத்தாழ பாதிப் பேர் இருப்பார்கள், அந்தப் பாதிப் பேரும் ஊசியும் இல்லாமல் ஆஞ்சியோபிளாஸ்டியும் இல்லாமல் சாலையில் இருப்பார்கள். 15-ஆவது எண் என்றால் நான்கில் மூன்று பேர் அதற்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்று பொருள்.

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பகலில் 118 வந்தது, இரவில் 145. பகல் எண் எல்லைக்கு உள்ளே இருப்பதுபோல் தெரிந்தாலும், இரண்டு நிமிட இடைவெளியை நம்பி ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எண் 90-க்குக் கீழே இருக்கும் மருத்துவமனைக்கு இந்த இரண்டாவது வாசகமே சிறந்தது. அங்கே ஊசி போட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆம்புலன்ஸில் ஏற்றி, வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் வாசலைத் தாண்ட வைப்பதே முழு வேலை.

ஊசியை முதலில் வைக்கும் வாசகம்

மூன்றாவது வாசகம் கேள்வி கேட்பதில்லை. எண் 120-ஐத் தாண்டும் மருத்துவமனையில் இதுதான் இயல்பான பாதை என்று சொல்லி, விலக்குகளை மட்டும் தனியே வைக்கிறது. 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு இதற்கு நெருக்கமான நிலையைச் சோதித்தது: வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதவர்கள். ஒரு குழுவுக்கு டெனெக்டிப்ளேஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள், இன்னொன்றை நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பினார்கள். 30 நாளில் இறப்பு, அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு சேர்ந்து 12.4 சதவீதம், 14.3 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ சமம் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கும் விலை உண்டு, அதைப் படத்தில் மறைக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தக்கசிவு ஊசிக் குழுவில் 100-க்கு ஒருவருக்கு வந்தது, மற்றதில் 500-க்கு ஒருவருக்கு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆய்வின் நடுவிலேயே டோஸைப் பாதியாக்கிய பிறகு அந்த வித்தியாசம் குறைந்தது. இன்னொன்று: ஊசி எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. அந்த ஆய்விலேயே ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு அவசரமாக ஆஞ்சியோ செய்ய வேண்டியிருந்தது. மூவரில் ஒருவருக்கு மேல்!

இந்த 36 சதவீதம்தான் வாசகத்தின் இரண்டாம் பாதியை எழுதுகிறது. பல சிறு மருத்துவமனைகளில் ஊசி போட்ட பிறகு "வார்டில் வைத்துப் பார்ப்போம், வலி குறையவில்லை என்றால் அனுப்பலாம்" என்ற பழக்கம் இருக்கிறது. ஊசி வேலை செய்யவில்லை என்பது 60 முதல் 90 நிமிடத்தில் தெரியவரும். அப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எங்கள் கணக்கில் வயர் கடக்க இன்னும் 145 நிமிடம். தோற்றுப்போன ஊசிக்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் அடைத்த குழாயோடு கிடப்பார். அதனால்தான் "போட்ட கையோடு" என்ற சொல்லை வாசகத்தில் விடாமல் வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு அழைப்பு ஊசிக்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

ஒரு இரவை எடுத்துக்கொண்டு மூன்று வாசகங்களையும் ஓட்டிப் பார்ப்போம். 58 வயது ஆண், எடை 68 கிலோ. வலி 1:50-க்குத் தொடங்கியது. 3:05-க்கு வந்தார், 3:12-க்கு இசிஜி, 3:14-க்கு டாக்டர் பார்க்கிறார்: V2 முதல் V4 வரை எஸ்டி ஏற்றம், V3-இல் 4 மில்லிமீட்டர். இரவு எண்ணின் துண்டுகள்: ஆம்புலன்ஸ் வர 25, ஏற்ற 15, சாலை 65, அங்கே 40.

ஃபோன் வாசகத்தில் அவர் கதை நிபுணர் எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது. அதைக் கணக்கிடவே முடியாது. 120 நிமிட வாசகத்தில் டாக்டர் மனதுக்குள் சாலையின் 65 நிமிடத்தைப் பார்த்து "கிடைக்கும்" என்று முடிவு செய்வார். 3:39-க்கு வண்டி வரும், 3:54-க்குக் கிளம்பும், 4:59-க்கு அங்கே வாசல், 5:39-க்கு வயர். வலி தொடங்கி 3 மணி 49 நிமிடம் வரை குழாய் மூடியே இருந்திருக்கும். எல்லாரும் வழிமுறையைச் சரியாகப் பின்பற்றியதாகவே நினைப்பார்கள்.

மூன்றாவது வாசகத்தில் 3:14-க்கு இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். உதவியாளர் ஆம்புலன்ஸை அழைப்பார். சிஸ்டர் ஆஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லி, குளோபிடோக்ரெல் 300 மில்லிகிராம் கொடுத்து, கையில் ஊசிக்குழல் போடுவார். டாக்டர் தடைப் பட்டியலைச் சத்தமாகப் படிப்பார். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம், 156/94, 150/90. இது மூன்று நிமிட வேலை. 68 கிலோ என்றால் டெனெக்டிப்ளேஸ் 35 மில்லிகிராம், ஐந்து முதல் பத்து விநாடிக்குள் ஒரே தள்ளாக, 3:24-க்கு. கூடவே ஈனாக்ஸபாரின் 30 மில்லிகிராம் நரம்பில், கால் மணி நேரம் கழித்து கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் தோலுக்கடியில். வயருக்காகக் காத்திருந்திருந்தால் மருந்தோ ஆஞ்சியோபிளாஸ்டியோ கிடைத்திருக்கும் நேரத்தைவிட இது 2 மணி 15 நிமிடம் முன்னால். வண்டி அதே 3:54-க்கே கிளம்புகிறது. ஊசி போட்டதால் புறப்பாடு ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

4:05-க்கு ஆம்புலன்ஸில் மானிட்டரில் அகலமான துடிப்புகள் வரிசையாக ஓடத் தொடங்குகின்றன, நிமிடத்துக்கு 80. கூடப் போன நர்ஸ் பதறிப்போய் அழைக்கிறார். ரத்த அழுத்தம் 130/80, நோயாளி தெளிவாகப் பேசுகிறார். குழாய் திறந்த பிறகு அடிக்கடி வரும் துடிப்பு இது. தானே அடங்கிவிடும், மருந்து கொடுக்கக் கூடாது. இந்த ஒரு வரியை அனுப்பும் தாளில் எழுதியே ஆக வேண்டும்: "அகலத் துடிப்பு, வேகம் 110-க்குக் கீழ், ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது: மருந்து வேண்டாம், கவனித்தால் போதும். வேகம் கூடினால் அல்லது நினைவு தப்பினால்: ஷாக் தயார்." இது இல்லாமல் ஒருமுறை லிக்னோகெய்ன் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்ட நர்ஸை எனக்குத் தெரியும். தவறு அவருடையதல்ல, எங்கள் தாளுடையது.

4:24-க்கு, ஊசி போட்டு சரியாக ஒரு மணி நேரத்தில், வண்டியைச் சாலையோரம் இரண்டு நிமிடம் நிறுத்தி இசிஜி எடுக்கிறார்கள். ஓடும் வண்டியில் எடுத்தால் கோடு நடுங்கி ஒன்றும் தெரியாது. V3-இல் 4 மில்லிமீட்டர் இப்போது 1.5. பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, வலியும் குறைந்திருக்கிறது: குழாய் திறந்திருக்கிறது. அடுத்த 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்தால் போதும். அதுவே 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்று அடுத்த மருத்துவமனைக்கு அழைத்து, "ஊசி வேலை செய்யவில்லை, 35 நிமிடத்தில் வருகிறோம், லேபைத் திறந்து வையுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

தடைப் பட்டியலின் சொற்கள்

மூன்றாவது வாசகத்தின் உயிர் தடைப் பட்டியலில் இருக்கிறது. அது நீளமாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், சுருக்கமாக இருந்தால் ஆபத்தானது தப்பிவிடும். கேள்விகளை நோயாளியிடம் கேட்கும் மொழியிலேயே எழுதுங்கள்: "தலைக்குள் எப்போதாவது ரத்தம் கசிந்திருக்கிறதா? ஆறு மாதத்துக்குள் பக்கவாதம் வந்ததா? மூளையில் கட்டி உண்டா? சமீபத்தில் தலையில் பலத்த அடியா, பெரிய அறுவை சிகிச்சையா? இப்போது எங்காவது ரத்தம் போகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" ஆம் என்று ஒரு பதில் வந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் முடிவு செய்ய வேண்டும், கடைசிக் கேள்வியைத் தவிர மற்றவற்றுக்கு முடிவு பெரும்பாலும் "அனுப்பு" என்பதுதான்.

இரண்டு விஷயங்களை நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்த்துத்தான் தெரிய வேண்டும். ஒன்று ரத்த அழுத்தம். 180/110-ஐத் தாண்டினால் முதலில் அதைக் குறைக்க வேண்டும், குறைந்த பிறகே ஊசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரை டோஸைச் சோதித்த ஸ்ட்ரீம்-2 ஆய்வில் ஊசி பெற்றவர்களில் 6 பேருக்கு மூளை ரத்தக்கசிவு வந்தது. அவர்களில் பாதிப் பேரிடம் விதிமீறல் இருந்தது: ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அளவுக்கு மீறிப் போயிருந்தது, அல்லது ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. ஆகவே இது வெறும் சடங்குப் பெட்டி அல்ல.

இன்னொன்று மகாதமனி கிழிதல். வலி கிழிப்பதுபோல் திடீரென உச்சத்தில் தொடங்கி முதுகுக்குப் போகிறது, இரு கைகளின் அழுத்தத்தில் 20-க்கு மேல் வித்தியாசம், ஒரு பக்க நாடித்துடிப்பு தட்டுப்படவில்லை, கை கால் விழுந்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசி கூடாது. தமனி கிழிந்து வலது இதயக் குழாயின் வாயை அடைத்தால் இசிஜி அசல் மாரடைப்பு போலவே இருக்கும். அந்த ஆளுக்கு இந்த ஊசி போட்டால் நாம் கொன்றதாகும். ஆகவே "இரு கையிலும் அழுத்தம்" என்பது எங்கள் பெட்டியில் தனி வரி, தடித்த எழுத்து.

அதிர்ச்சி நிலையில் வருபவருக்கும் விலக்கு. அழுத்தம் 90-க்குக் கீழே, கை கால் ஜில்லென்று, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் கடிகாரக் கணக்கு மாறும்: எவ்வளவு நேரம் ஆனாலும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் அவருக்கு வழி. இதற்குத் தனி அம்பு போட வேண்டும். வலி தொடங்கி 12 மணி நேரம் கடந்தவரும் அந்த அம்பில்தான் போவார்.

இசிஜியிலேயே சந்தேகம் இருந்தால்? இளைஞர்களுக்கு இயல்பாக இருக்கும் ஏற்றம், இதய உறை அழற்சி, பழைய மாரடைப்பின் மிச்சம் எல்லாம் எஸ்டி ஏற்றம் போல ஏமாற்றும். முதல் வாசகத்தின் ஃபோன் இங்கேதான் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. தெளிவான மாரடைப்புக்கு அனுமதி கேட்க ஃபோன் வேண்டாம். தெளிவில்லாத இசிஜிக்கு இன்னொரு கண் தேட ஃபோன் வேண்டும். அதிலும் ஒரு எல்லை எழுதினோம்: "10 நிமிடத்தில் பதில் வரவில்லை என்றால் இசிஜியைத் திரும்ப எடு, இரண்டாவது எண்ணை அழை, அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கு." சிஸ்டர் கேட்ட கோடு அது. கீழ்ப்பக்க மாரடைப்பில் வலது மார்பில் V4R இசிஜி எடுத்து, வலது பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் நைட்ரேட் கொடுக்காதே என்ற வரியும் இதன் பக்கத்தில் இருக்கிறது.

டெனெக்டிப்ளேஸ் இல்லாமல் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் இருக்கும் இடத்தில் மூன்றாவது வாசகம் சற்று வலுவிழக்கும், ஆனால் விழுந்துவிடாது. 15 லட்சம் யூனிட்டை 30 முதல் 60 நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். நடுவில் அழுத்தம் இறங்கினால் வேகத்தைக் குறைத்து, காலை உயர்த்தி, சலைன் கொடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் இதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் கூடப் போயாக வேண்டும். அப்படி ஆள் இல்லாத இரவில் சொட்டு முடியும்வரை இங்கேயே வைத்து, முடிந்ததும் கிளம்பலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் "போட்ட கையோடு" என்ற சொல்லை விட்டுக்கொடுத்தேன்.

எங்கள் சுவரில் இப்போது ஒட்டியிருப்பது மூன்றாவது வாசகம், இரவுக்கும் பகலுக்கும். பெட்டியின் வலது மூலையில் பென்சிலால் இரண்டு எண்கள்: பகல் 118, இரவு 145, கணக்கிட்ட மாதமும் கூட. ஒவ்வொரு மூன்று மாதமும் 20 தாள்களை எடுத்து அழித்து எழுதுகிறோம். பகல் எண் 90-க்கு இறங்கினால் பகலுக்கு இரண்டாவது வாசகத்துக்கு மாறுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

தீராமல் இருப்பது 75 வயதுக்கான வரி. அரை டோஸ், ஈனாக்ஸபாரினின் முதல் நரம்பு ஊசி கிடையாது, குளோபிடோக்ரெல் 75 மட்டும் என்பது வரை தெளிவு. 85 வயதில், எடை 45 கிலோவில், அழுத்தம் 170-இல் ஒரு பாட்டி வந்தால் அதே பெட்டி அவரையும் பத்து நிமிடத்தில் ஊசிக்குத் தள்ள வேண்டுமா என்று சிஸ்டர் கேட்டார். அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் பென்சிலில்தான் வைத்திருக்கிறோம்.